பட்டினியில் தொடங்கும் தீவனக் கணக்கு

பால் மாட்டுக்குத் தவிடும் புண்ணாக்கும் கலந்து வைக்க வேண்டும். கணக்கு எளிதாக வர, தவிடு கிலோ 20 ரூபாய், புண்ணாக்கு 40 ரூபாய் என்று கொள்வோம். கிலோவுக்கு எரிசக்தி இரண்டிலும் 1 அலகு; புரதம் தவிட்டில் 1, புண்ணாக்கில் 3. மாட்டுக்குக் குறைந்தது 4 அலகு சக்தியும் 6 அலகு புரதமும் தேவை. எந்தக் கலவை மலிவு?

ஜார்ஜ் டான்ட்சிக் 1947இல் வகுத்த சிம்ப்ளெக்ஸ் முறை, நிபந்தனைக்கு உட்பட்ட ஏதோ ஒரு விடையில் தொடங்கி, படிப்படியாக அதைவிட நல்ல விடைக்கு நகரும். ‘இதற்கு மேல் கூடாது’ என்ற நிபந்தனைகள் என்றால் எல்லாவற்றையும் 0 என வைத்துத் தொடங்கிவிடலாம். ‘இதற்குக் குறையக் கூடாது’ என்றால் அந்த வழி அடைபடுகிறது. 0 கிலோ தீவனம் என்பது பட்டினி. தேவைக்கு மிஞ்சியதைக் கழிக்கும் உபரி மாறிகளும் அங்கே −4, −6 என்று நிற்கும். சிம்ப்ளெக்ஸ் அட்டவணை எதிர்மறை அளவை ஏற்பதில்லை.

ஆகவே ஒரு தந்திரம். பற்றாக்குறையை நிரப்ப, சந்தையில் இல்லாத இரண்டு கற்பனைத் தீவனங்களைச் சேர்க்கிறோம். இவையே செயற்கை மாறிகள். தவிடு x, புண்ணாக்கு y, உபரி s, செயற்கை மாறி a:

```
x +  y - s1 + a1 = 4
x + 3y - s2 + a2 = 6
செலவு = 20x + 40y + M·a1 + M·a2
```

M என்பது மிகப் பெரிய அபராத விலை. முதல் அட்டவணையில் a1 = 4, a2 = 6; செலவு 10M. ஒரு கிலோ தவிடு வந்தால் இரண்டு கற்பனைத் தீவனங்களிலும் ஒவ்வோர் அலகு குறையும்; லாபம் 2M − 20. புண்ணாக்கு வந்தால் 4M − 40. பெரியது அதுதான், எனவே y உள்ளே வருகிறது. எவ்வளவு வரலாம்? சக்தி வரிசை 4÷1 = 4 என்கிறது, புரத வரிசை 6÷3 = 2 என்கிறது. சிறியது 2; y = 2 ஆக, a2 வெளியேறுகிறது.

அடுத்த அட்டவணையில் லாபம் தவிட்டின் பக்கம். விகிதங்கள் 3, 6, சிறியது 3. a1 வெளியேற, தவிடு 3 கிலோ, புண்ணாக்கு 1 கிலோ, செலவு 100 ரூபாய். கடைசி வரிசையில் s1, s2 இரண்டின் கீழும் −10 நிற்கிறது. இனி எதை உள்ளே கொண்டுவந்தாலும் செலவு ஏறும் என்பதால் கணக்கு முடிந்தது. அந்த 10க்கு இன்னொரு பொருளும் உண்டு: புரதத் தேவை ஓர் அலகு கூடினால் செலவு 10 ரூபாய் கூடும்.

M எவ்வளவு பெரியது என்ற கேள்விக்கும் அங்கேதான் விடை: இந்தக் கணக்கில் அது 10ஐத் தாண்டினால் போதும். M = 5 என்று வைத்துப் பாருங்கள். 2M − 20, 4M − 40 இரண்டும் எதிர்மறை. அபராதம் கட்டுவதே மலிவு என்று அட்டவணை முதல் படியிலேயே நின்றுவிடும். கடைசி அட்டவணையில் செயற்கை மாறி 0 ஆகாமல் தங்கினால், நிபந்தனைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்று பொருள். ஆனால் அப்படி முடிவு கட்டும் முன் M போதுமான அளவு பெரியதா என்று பார்க்க வேண்டும்.

கையால் போடும்போது M என்ற எழுத்தாகவே வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை. கணினிக்கு எண் வேண்டும். பயந்து 1க்குப் பின் பதினெட்டு சுழியங்கள் போட்டால், சுமார் பதினாறு இலக்கத் துல்லியத்தில் 20, 40 என்ற உண்மையான விலைகள் காணாமல் போய்விடும். அதனால்தான் மென்பொருள்கள் M போடுவதைத் தவிர்த்து, முதலில் செயற்கை மாறிகளை மட்டும் 0 ஆக்கிவிட்டு, பிறகே விலைகளைக் கையில் எடுக்கும் இருகட்ட முறையை நாடுகின்றன.