பெயர் மாறியாச்சு, செக்கில் எந்தக் கையெழுத்து?

அரசிதழில் பெயர் மாற்றம் வந்துடுச்சா? உடனே செக்கில் புதுப் பெயரில் கையெழுத்து போட்டுடாதீங்க. வங்கி ஒப்பிட்டுப் பார்ப்பது, நீங்கள் முன்பு கொடுத்த மாதிரிக் கையெழுத்தைத்தான். கலா என்பவர் கலைவாணி ஆகியிருந்தாலும், வங்கிப் பதிவு மாறும்வரை ‘கலா’ கையெழுத்தே செல்லும்.

அரசிதழ் நகலோடு கிளைக்குப் போய், பெயரையும் மாதிரிக் கையெழுத்தையும் சேர்த்தே மாற்றக் கேளுங்க. பெயரை மட்டும் மாற்றினால், புது செக் புத்தகத்தில் அச்சாவது கலைவாணி, செல்லுகிற கையெழுத்து கலா என்றாகிவிடும்.

பலரும் மறப்பது, கடனுக்காகப் பின்தேதியிட்டுக் கொடுத்த பழைய செக்குகளை. மாதிரிக் கையெழுத்து மாறிய பிறகு அவை வங்கிக்கு வந்தால், ‘கையெழுத்து வேறுபடுகிறது’ என்று திரும்பலாம். வங்கிக் கட்டணம் போக, காசோலை மோசடி வழக்கு வரைக்கும் அது போகும். அதனால் அந்தச் செக்குகளை முதலில் திரும்ப வாங்கி, புதுசு கொடுத்துடுங்க.