பள்ளம் வெட்டும் அதிகாரமும் பெயர்ந்த கடைவாசலும்

நம் ஊர்களின் பழைய கடைத்தெருக்களில் நிற்கும் கட்டடங்களில் பல, சுண்ணாம்புச் சாந்தில் செங்கல் அடுக்கி, அதிக ஆழமில்லாத அஸ்திவாரத்தின்மேல் எழுப்பப்பட்டவை. அத்தகைய கடையொன்றின் முகப்புச் சுவரை ஒட்டினாற்போல், பூமிக்கடியில் மின்சாரக் கேபிள் பதிப்பதற்காக இடுப்பளவு ஆழத்திற்குப் பள்ளம் வெட்டப்படும்போது, அதுகாறும் அஸ்திவாரத்தைப் பக்கவாட்டில் நெருக்கிப் பிடித்திருந்த மண் தன் பிடியை இழந்துவிடுகிறது. பள்ளத்தின் கரைக்கு முட்டுப் பலகை கொடுத்து, கேபிளைப் போட்டவுடன் மண்ணைச் சிறுசிறு அடுக்காகக் கொட்டி, ஒவ்வோர் அடுக்கையும் திமிசுக் கட்டையால் இடித்து இறுக்கினால் பெரும்பாலும் கேடு நேராது. முட்டும் கொடாமல், திமிசும் போடாமல், தோண்டிய மண்ணை ஒரே கொட்டாகக் கொட்டி மூடிவிட்டுப் போனால், அடுத்து வரும் மழையில் அந்த மண் தாழ்கிறது. வாசற்படி சுவரைவிட்டு விரலளவு பெயர்கிறது. ஷட்டரின் மேல்மூலையிலிருந்து செங்கல் இணைப்புகளின் வழியே படிக்கட்டுப் போல ஏறிச் செல்லும் விரிசல் ஒன்று தோன்றுகிறது. நேற்றுவரை ஒரே இழுப்பில் இறங்கிய ஷட்டர், நிலை சாய்ந்துவிட்டபடியால், பாதியில் சிக்கி நின்றுவிடுகிறது.

கடைக்காரர் முறையிடப் போகுமிடத்தில் அவருக்குக் கிடைக்கும் விடை, ‘தெருவைத் தோண்டச் சட்டமே எங்களுக்கு அதிகாரம் அளித்திருக்கிறது’ என்பதுதான். இது வெறும் அலுவலகச் சால்ஜாப்பு அன்று; ஆங்கிலேயரின் நியாயஸ்தலங்களில் உருவாகி நம் நாட்டு நீதிமன்றங்களும் ஏற்றுக்கொண்ட எதிர்வாதம். பொது நன்மைக்காகச் சட்டமன்றம் ஒரு காரியத்தைச் செய்யப் பணித்திருக்குமானால், அக்காரியத்தினின்று தவிர்க்கவொண்ணாதபடி விளையும் தீங்கிற்காகச் செய்தவர்மீது வழக்குத் தொடுக்க இயலாது என்பது அதன் சாரம். ஆயினும் இந்த விதியைத் தெளிவாக வகுத்த வழக்கிலேயே அதன் எல்லையும் வகுக்கப்பட்டிருக்கிறது. அயர்லாந்தில், பான் நதிக்கு நீர்த்தேக்கம் அமைத்திருந்த உடைமையாளர்கள், தேக்கத்து நீரை ஒரு சிற்றாற்றின் வழியே விட்டு வந்தார்கள். அந்த ஆற்றுக்காலைத் தூர்வாரும் அதிகாரம் தங்களுக்கு இருந்தும் வாராமல் விட்டமையால், அருகிலிருந்தவரின் நிலம் வெள்ளத்தில் மூழ்கியது. 1878-இல் பிரபுக்கள் சபையில் இவ்வழக்கு முடிவுற்றபோது, அதிகாரத்தைக் கவனமாகச் செலுத்தியும் நேர்ந்த தீங்கிற்கே பாதுகாப்பு உண்டு என்றும், கையிலுள்ள அதிகாரத்தை நியாயமாகப் பயன்படுத்தித் தடுத்திருக்கக் கூடிய தீங்கைத் தடுக்காமல் விடுவதே கவனக்குறைவாகும் என்றும் பிரபு பிளாக்பர்ன் விளக்கினார். சட்டம் தோண்ட அனுமதிக்கிறது. முட்டுப் பலகையின்றித் தோண்ட அது அனுமதிக்கவில்லை.

இங்கே எழும் அடுத்த கேள்வி, தீங்கு தவிர்க்கவொண்ணாதது என்பதை நிரூபிக்கும் பாரம் யாருடையது என்பது. கேபிள் பதிக்கும் தொழிலின் நுணுக்கங்களை ஒரு பாத்திரக் கடைக்காரர் எங்ஙனம் அறிவார்? அதிர்ஷ்டவசமாக, சட்டம் அப்பாரத்தை அவர் தலையில் ஏற்றவில்லை. மான்செஸ்டர் மாநகராட்சி சட்டத்தின் அதிகாரத்தால் கட்டிய மின் நிலையத்தின் புகை, ஒரு விவசாயியின் நிலத்தைப் பாழாக்கியது. 1930-இல் தீர்ப்பளித்த பிரபுக்கள் சபை, சட்டத்தின் நிழலில் ஒதுங்க விரும்புகிறவரே, இயன்ற முயற்சிகளையெல்லாம் செய்தும் தீங்கு நேர்ந்தேதீரும் என்பதைப் பிரமாணத்தோடு காட்ட வேண்டும் என்று விதித்தது. மாநகராட்சியால் அது முடியவில்லை. ஆகவே கடைக்காரர் பள்ளத்தினால்தான் தம் சுவர் கெட்டது என்பதைக் காட்டினால் போதும். பள்ளத்தை வேறு எவ்விதத்தில் வெட்டியிருந்தாலும் சுவர் கெட்டேயிருக்கும் என்பதைக் காட்டுவது வெட்டியவரின் கடமை.

இன்னொரு சமாதானமும் அடிக்கடி சொல்லப்படுகிறது: வேலையைச் செய்தவர் ஒப்பந்தக்காரர், அவரைக் கேளுங்கள் என்பது. இங்கிலாந்தின் யார்க்ஷயரில் ஐடில் என்னும் ஊரின் மன்றம், சாக்கடை அமைக்கும் வேலையை ஓர் ஒப்பந்தக்காரரிடம் விட்டிருந்தது. அவருடைய அஜாக்கிரதையால் பள்ளத்தின் குறுக்கே சென்ற எரிவாயுக் குழாய் உடைந்து, வாயு வாதிகளின் வீட்டினுள் புகுந்து வெடித்தது. வேலையைப் பிறரிடம் ஒப்படைக்கலாம், எச்சரிக்கையாய் இருக்க வேண்டிய பொறுப்பை ஒப்படைக்க முடியாது என்று கூறி, 1896-இல் நீதிமன்றம் மன்றத்தையே பொறுப்பாக்கிற்று.

இவையெல்லாம் பொதுச் சட்டத்தின் ஏற்பாடுகள். மின்சாரத்தைப் பொறுத்தமட்டில் நம் நாட்டுச் சட்டம் இதற்கு மேலும் ஒருபடி சென்றிருக்கிறது என்பதை வணிகர்களில் எத்தனை பேர் அறிந்திருப்பார்களோ என்னும் கவலையே இக்கட்டுரைக்குக் காரணம். 2003-ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டத்தில், தெருவைத் தோண்ட உரிமம் பெற்றவருக்கு அதிகாரம் தரும் அதே 67-ஆம் பிரிவு, அவர் இயன்றவரை குறைந்த சேதமும் இடையூறுமே விளைவிக்க வேண்டும் என்றும், தாமோ தம்மால் அமர்த்தப்பட்டவரோ விளைவித்த சேதத்திற்கும் இடையூறுக்கும் முழு நஷ்டஈடு செலுத்த வேண்டும் என்றும் கட்டளையிடுகிறது. 1910-ஆம் ஆண்டின் பழைய மின்சாரச் சட்டத்திலேயே 19-ஆம் பிரிவாக இருந்த கட்டளை இது. கவனக்குறைவு இருந்தால் மட்டும் என்று அதில் நிபந்தனையில்லை. ஆதலால் ‘சட்டம் அதிகாரம் அளித்தது’ என்னும் எதிர்வாதத்தைச் சொல்பவர், அதிகாரத்தோடு சேர்த்து அந்தச் சட்டம் சுமத்திய கடனையும் ஒப்புக்கொண்டே தீர வேண்டும். தொகையில் தகராறு வந்தால், உரிய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் அதைத் தீர்மானிக்கும்.

சுவருக்கு நேர்ந்த சேதம் கண்ணுக்குத் தெரிவது. வாசல் அடைபட்டதனால் நின்றுபோன வியாபாரத்திற்கு ஈடு பெறுவதோ கடினம். 1867-இல் லண்டனில், ரயில் பாதை வேலையால் வழி அடைபட்டு வாடிக்கை இழந்த மதுக்கடைக்காரருக்கு அந்நாட்டுப் பிரபுக்கள் சபை ஈடு மறுத்துவிட்டது. நம் சட்டத்திலுள்ள ‘இடையூறு’ என்னும் சொல் இதற்கு இடமளிக்கக் கூடியது என்பது என் கருத்து. ஆயினும், முந்தைய ஆண்டின் அதே மாதங்களுக்குரிய கணக்கோடு ஒப்பிட்டுக் காட்டும் பேரேடு இல்லாதவர் அதைக் கேட்பதில் பயனில்லை.

சான்றுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பள்ளம் வெட்டும் செய்தி தெரிந்த அன்றே, வெட்டு விழுவதற்கு முன், முகப்பைத் தேதி தெரியப் படமெடுத்து வைப்பது நன்று. புதிய விரிசலின் உள்முகம் செங்கல்லின் இயற்கை நிறத்தோடு சுத்தமாயிருக்கும். பழைய விரிசலினுள் தூசியும், பூசிய வர்ணமும், சிலந்தி நூலும் காணப்படும். எதிர்த்தரப்பின் பொறியாளர் முதலில் பார்ப்பதும் அதைத்தான். விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டொன்றைச் சாந்தால் ஒட்டித் தேதியை எழுதிவைத்தால், சுவர் மேலும் அசையும்போது அது உடைந்து காட்டிக்கொடுக்கும். தோண்டுவதற்கு உள்ளாட்சி அமைப்பு அளித்த அனுமதி ஆணையின் நகலை, 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்துக் கேட்கலாம். அகலம், ஆழம், மண்ணை மூட வேண்டிய முறை ஆகியன அதில் நிபந்தனைகளாக இருக்குமானால், நிபந்தனையை மீறித் தோண்டியவர் தவிர்க்கவொண்ணாத தீங்கு என்று பேசுவது அரிதாகும். உரிமையியல் நீதிமன்றத்தை நாடுகிறவர் காலத்தையும் கவனிக்க வேண்டும்: சட்டப்படி செய்ததாகக் கூறப்படும் செயலுக்கு ஈடு கேட்கும் வழக்கிற்கு, 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம், 72-ஆம் உறுப்பில், ஓராண்டையே தவணையாக வைத்திருக்கிறது. அந்த ஓராண்டு, விரிசல் கண்ணில் பட்ட நாளிலிருந்து அன்று, செயல் நிகழ்ந்த நாளிலிருந்து கணக்காகிறது.