பெட்டிக்குள் போன ரகசியம், கையெழுத்தாக வந்த பொறுப்பு

2023 மார்ச் மாதம் தென்கொரியாவின் சாம்சங் நிறுவனம் தன் செமிகண்டக்டர் பிரிவு ஊழியர்களுக்கு ஓர் அனுமதி தந்தது. அலுவலக வேலைக்குச் சாட்ஜிபிடியைப் பயன்படுத்திக்கொள்ளலாம், கம்பெனி விஷயங்களை மட்டும் அதில் போடாதீர்கள் என்று எச்சரித்துத்தான் அனுமதித்தது. மூன்று வாரம் ஆவதற்குள் மூன்று சம்பவங்கள் நடந்துவிட்டன.

முதலாவதில், சிப் தயாரிக்கும் இயந்திரங்களின் அளவீட்டுத் தகவல்களைக் கையாளும் ஒரு புரோகிராம் ஓடாமல் நின்றது. பொறுப்பிலிருந்த ஊழியர் அதன் சோர்ஸ் கோடை அப்படியே எடுத்துப் பெட்டியில் ஒட்டி, பிழை எங்கே என்று கேட்டார். இன்னொருவர், பழுதான இயந்திரங்களைக் கண்டுபிடிக்கும் கோடைக் கொடுத்து, இதைச் சீராக்கித் தா என்றார். மூன்றாமவர் அலுவலகக் கூட்டம் ஒன்றை செல்போனில் பதிவுசெய்து, பேச்சை எழுத்தாக மாற்றி, அதைக் கூட்ட நடவடிக்கைக் குறிப்பாக எழுதித் தரும்படி கேட்டார். மூவருமே திருடர்கள் அல்ல. போட்டி நிறுவனத்துக்கு எதையும் விற்கவும் இல்லை. வேலையைச் சீக்கிரம் முடிக்க நினைத்தார்கள், அவ்வளவுதான். கொரியப் பத்திரிகையில் செய்தி வந்தபோது உலகம் முழுக்க நிறுவனங்கள் திடுக்கிட்டதற்குக் காரணம் இதுதான். இந்த மூவரைப் போன்றவர்கள் எல்லா அலுவலகத்திலும் இருக்கிறார்கள்.

பெட்டியில் தட்டுகிற எழுத்து எங்கே போகிறது? பயனர் திரையில் பார்ப்பது ஒரு உரையாடல். உண்மையில் அந்த எழுத்து வேறொரு நிறுவனத்தின் கணினிக்குப் போய், அங்கே சேமிக்கப்படுகிறது. மின்னஞ்சலைத் தவறான முகவரிக்கு அனுப்பிவிட்டால் மனம் பதறும். இங்கே எதிர்முனையில் ஆள் இல்லாததால், வெளியே அனுப்பிய உணர்வே வருவதில்லை. ஆபத்து அந்த இடத்தில்தான் இருக்கிறது.

எல்லாக் கணக்கும் ஒரே மாதிரி அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். சொந்த மின்னஞ்சல் கொடுத்துத் தொடங்கும் சாதாரண சாட்ஜிபிடி கணக்கில், நாம் எழுதுவதை அடுத்தடுத்த மாடல்களைப் பயிற்றுவிக்க எடுத்துக்கொள்ள நிறுவனத்துக்கு இடமுண்டு. வேண்டாமென்றால் பயனரே அமைப்புகளுக்குள் போய் அதை அணைக்க வேண்டும். நிறுவனங்களுக்கென்று ஒப்பந்தம் போட்டுத் தரப்படும் கணக்கில் இயல்பாகவே பயிற்சிக்கு எடுப்பதில்லை. ஒரே பெயர், ஒரே திரை, ஆனால் பின்னால் இருக்கும் ஒப்பந்தம் வேறு. அதனால் ‘சாட்ஜிபிடி பயன்படுத்தலாமா’ என்ற கேள்விக்கு ஆம், இல்லை என்று பதில் சொல்லும் கொள்கை பாதிக் கொள்கைதான். எந்தக் கணக்கில், எந்த ஆவணத்துக்கு என்ற இரண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சாம்சங் முதலில் செய்தது ஓர் அவசர ஏற்பாடு. ஒரு முறைக்கு 1024 பைட்டுக்கு மேல் அனுப்ப முடியாதபடி கட்டுப்படுத்தியது. ஆங்கிலத்தில் அது சுமார் ஆயிரம் எழுத்து. தமிழிலோ கொரிய மொழியிலோ ஓர் எழுத்துக்குப் பெரும்பாலும் மூன்று பைட்டாவது ஆகும் என்பதால் ஒரு பத்திகூடத் தேறாது. நீளமான கோடை ஒட்டுவதை இது தடுக்கும். ஆனால் ஒரு வாடிக்கையாளர் பெயரும் அவருக்குச் சொன்ன விலையும் வெளியே போக ஐம்பது பைட்டே போதுமே! மே மாதத் தொடக்கத்தில் அந்த நிறுவனம் தன் கணினிகளிலும் உள்வலையிலும் இத்தகைய கருவிகளையே தடைசெய்தது. வெளி நிறுவனத்தின் சர்வரில் போய்ச் சேர்ந்ததைத் திரும்பப் பெறுவதும் அழிப்பதும் கடினம் என்பது அது சொன்ன காரணங்களில் ஒன்று.

இந்திய நிதி அமைச்சகமும் 2025 ஜனவரி 29 அன்று, அலுவலகக் கணினிகளிலும் சாதனங்களிலும் சாட்ஜிபிடி, டீப்சீக் போன்ற கருவிகளைத் தவிர்க்கும்படி தன் ஊழியர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. அரசின் ரகசிய ஆவணங்கள் புழங்கும் இடத்தில் இது நியாயமான முடிவு. ஆனால் சாதாரண நிறுவனத்தில் வெறும் தடை நிற்காது. அலுவலகக் கணினியில் மூடினால் சட்டைப்பையில் இருக்கும் செல்போனில் திறக்கும். திரையைப் படமெடுத்துச் சொந்தக் கணக்கில் போடுவார்கள். அப்போது நிறுவனத்துக்கு என்ன போனது என்பதும் தெரியாது, யார் போட்டார்கள் என்பதும் தெரியாது.

அப்படியானால் ஊழியர் என்ன செய்வது? ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். ஒரு தொழிற்சாலையின் எச்.ஆர். அலுவலர், முன் அனுமதி இல்லாமல் சில நாள் வேலைக்கு வராத தொழிலாளிக்கு விளக்கம் கேட்டு மெமோ எழுத வேண்டும். அவர் கையில் இருப்பவை தொழிலாளியின் பெயர், ஊழியர் எண், வருகைப் பதிவு, அவர் கொடுத்த மருத்துவச் சீட்டு. அத்தனையையும் ஒட்டி ‘மெமோ எழுதித் தா’ என்று கேட்பது சுலபம். சீட்டில் காசநோய் சிகிச்சை என்று எழுதியிருந்தால், தொழிலாளி தன் உறவினரிடம்கூடச் சொல்லாத ஒன்று வெளியே போய்விட்டது.

பெயரை மட்டும் அழித்துவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. ‘நைட் ஷிப்டில் பாய்லர் பிரிவில் இருக்கும் ஒரே பெண் சூப்பர்வைசர்’ என்று வாசகத்தில் இருந்தால் பெயர் எதற்கு? அந்தத் தொழிற்சாலையில் அப்படி ஒருவர்தான் இருப்பார். பெயர், எண், முகவரி போன பிறகும் சூழல் ஆளைக் காட்டிக்கொடுக்கும்.

இதைவிட நல்ல வழி, கோப்பைக் கொடுக்காமல் படிவத்தைக் கேட்பது. ‘முன் அனுமதி இல்லாமல் மூன்று நாள் வராத ஊழியரிடம் ஏழு நாளுக்குள் விளக்கம் கேட்கும் மெமோவுக்கு, மரியாதையான தமிழில் ஒரு மாதிரி வேண்டும்’ என்று கேட்டால் போதும். கருவிக்குத் தேவை கடிதத்தின் கட்டமைப்பு மட்டுமே. பெயரையும் தேதியையும் அலுவலர் தன் கணினியில் நிரப்பிக்கொள்ளலாம். மருத்துவச் சீட்டு மேஜை டிராயரை விட்டு நகரவே இல்லை.

இதற்குச் சட்டத்தின் அழுத்தமும் இருக்கிறது. 2023-இல் இயற்றப்பட்ட மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2025 நவம்பரில் விதிகள் வந்துவிட்டன. அதன் கடமைகள் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. தரவைப் பாதுகாக்கத் தகுந்த ஏற்பாடு செய்யாத நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க அதில் இடமுண்டு. நிறுவனத்துக்காக வேறொருவர் அந்தத் தரவைக் கையாண்டாலும் பொறுப்பு நிறுவனத்துடையதே.

மெமோ வந்துவிட்டது. இனிதான் இரண்டாவது வேலை. வந்த மாதிரியில் ‘1946-ஆம் ஆண்டு நிலையாணைகள் சட்டத்தின்படி’ என்று ஒரு வரி இருக்கக்கூடும். அந்தச் சட்டத்தின் இடத்தில் தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்துவிட்டது. கருவி படித்த பக்கங்களில் பெரும்பாலானவை பழைய சட்டத்தைப் பற்றியவையாக இருந்தால், அது பழையதையே உறுதியாகச் சொல்லும். வாக்கியம் வழவழப்பாக இருக்கும். தயக்கத்தின் சாயலே இருக்காது. பிரிவு எண், தேதி, தீர்ப்பின் பெயர், மேற்கோள் குறிக்குள் வரும் வாசகம் ஆகிய நான்கும் வரும் இடங்களில் எல்லாம் நின்று, மூல ஆவணத்தைத் திறந்து பார்க்க வேண்டும். அதே கருவியிடம் ‘இது சரிதானா’ என்று கேட்பது சரிபார்ப்பு ஆகாது.

பெரிய நிறுவனங்களும் இந்த இடத்தில் வழுக்கியிருக்கின்றன. ஆஸ்திரேலிய அரசின் வேலைவாய்ப்புத் துறைக்காக, சுமார் 4 லட்சத்து 40 ஆயிரம் ஆஸ்திரேலிய டாலர் கட்டணத்தில் டெலாய்ட் நிறுவனம் தயாரித்த அறிக்கை 2025-இல் வெளியானது. உதவித்தொகை பெறுவோர் நிபந்தனைகளை மீறினால் பணத்தை நிறுத்தும் கணினி ஏற்பாட்டைப் பற்றிய ஆய்வு அது. சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர் கிறிஸ் ரட்ஜ் அதைப் படித்தபோது, தனக்குத் தெரிந்த பேராசிரியரின் பெயரில் தான் கேள்வியே படாத ஒரு புத்தகம் அடிக்குறிப்பில் இருப்பதைக் கண்டார். அப்படியொரு புத்தகம் இல்லை. தேடத் தேட, இல்லாத ஆய்வுகளும், நீதிமன்றத் தீர்ப்பிலிருந்து எடுத்ததாகச் சொல்லப்பட்ட கற்பனை வாசகமும் வெளிவந்தன. அக்டோபரில் திருத்திய அறிக்கை வெளியிடப்பட்டது. தயாரிப்பில் ஜெனரேட்டிவ் ஏஐ பயன்பட்டது என்ற குறிப்பு அதில்தான் முதல்முறையாக இடம்பெற்றது. கடைசித் தவணைக் கட்டணத்தைத் திருப்பித்தர நிறுவனம் ஒப்புக்கொண்டது. தன் பரிந்துரைகள் மாறவில்லை என்றும் சொன்னது. இருக்கலாம். ஆனால் அடிக்குறிப்பை நம்ப முடியாத அறிக்கையின் பரிந்துரையை எந்த அதிகாரி நிம்மதியாக நடைமுறைப்படுத்துவார்?

அந்தக் குறிப்பு முதல் பதிப்பிலேயே இருந்திருந்தால் பிழை நீங்கியிருக்காது. ஆனால் வாங்கிய துறை அடிக்குறிப்புகளைக் கூடுதல் கவனத்தோடு பார்த்திருக்கும். நிறுவனக் கொள்கையில் ‘கருவி உதவியது என்று எழுதுங்கள்’ என்ற விதி இடம்பெற வேண்டியது இதற்காகத்தான். அதோடு, ஒவ்வொரு ஆவணத்தின் கீழும் தயாரித்தவர், சரிபார்த்தவர் என்று இரண்டு பெயர் இருக்க வேண்டும்.

இரண்டாவது பெயர் எவ்வளவு கனமானது என்பதை நியூயார்க் வழக்கு ஒன்று காட்டியது. ஏவியான்கா விமானத்தில் உணவு வண்டி முழங்காலில் மோதியதாகப் பயணி ஒருவர் வழக்குத் தொடர்ந்தார். அவர் தரப்பு மனுவை எழுதிய வழக்கறிஞர் முன்தீர்ப்புகளைச் சாட்ஜிபிடியிடம் தேடினார். கூட்டாட்சி நீதிமன்றத்தில் வாதாட அவருக்குப் பதிவு இல்லாததால், அதே அலுவலகத்தின் இன்னொரு வழக்கறிஞர் கையெழுத்திட்டார். மனுவில் காட்டிய ஆறு தீர்ப்புகள் எங்கும் இல்லாதவை. எதிர்த்தரப்புக்கு அவை கிடைக்கவில்லை. நகலைத் தாருங்கள் என்று நீதிமன்றம் கேட்டபோதும், கருவி எழுதித் தந்த போலி வாசகங்களையே தாக்கல் செய்தார்கள். பல்லாண்டு காலச் சகாவை நம்பிக் கையெழுத்திட்டேன் என்றார் இரண்டாமவர்.

நீதிபதி கெவின் காஸ்டல் 2023 ஜூன் 22 அன்று தந்த உத்தரவில், கருவியைப் பயன்படுத்தியதைத் தவறென்று சொல்லவில்லை. தாக்கல் செய்வது உண்மையா என்று பார்க்கும் காவல் பொறுப்பு வழக்கறிஞருடையது என்றார். எழுதியவர், கையெழுத்திட்டவர், அவர்களது அலுவலகம் ஆகிய மூன்று தரப்புக்கும் சேர்த்து 5000 டாலர் அபராதம் விதித்தார். போலித் தீர்ப்புகளை எழுதியதாக யார் யார் பெயர் போடப்பட்டிருந்ததோ, அந்த நீதிபதிகள் ஒவ்வொருவருக்கும் உத்தரவின் நகலை இணைத்துக் கடிதம் அனுப்ப வேண்டும் என்றும் ஆணையிட்டார்.