பாக்கி என்று தேடும் கடைக்காரர்

மளிகைக் கடையில் கடனுக்குச் சாமான் கொடுப்பவர் அதை ஒரு நோட்டில் எழுதி வைப்பார். அந்த நோட்டின் வேலையைச் செய்யும் ஆப்கள் இப்போது நிறைய வந்துவிட்டன. அவற்றில் பல ஆங்கிலத்தில் உருவாகி, பிறகு தமிழுக்கு வருபவை. ஆப் ஒழுங்காக வேலை செய்தும் கடைக்காரர் கண்ணில் படாமலே போகலாம். கூகுள் பிளே ஸ்டோரில் அதன் பெயரும் விளக்கமும் எந்தத் தமிழில் இருக்கின்றன என்பது அதற்கு ஒரு முக்கியமான காரணம்.

பிளே ஸ்டோரில் ஆப்பின் பெயருக்கு 30 கேரக்டர், சுருக்க விளக்கத்துக்கு 80, முழு விளக்கத்துக்கு 4000. தேடுசொற்களை எழுதித் தருவதற்கென்று தனிக் கட்டம் எதுவும் கிடையாது. யாராவது தேடினால் ஆப் அகப்படுவதற்கு இந்த மூன்று இடங்களில் இருக்கும் எழுத்து ஒரு முக்கிய ஆதாரம். இதில் தமிழுக்கு ஒரு நெருக்கடி உண்டு. ‘க’ கணினிக்கு ஒரு கேரக்டர். ‘கி’ என்றால் இரண்டு: க, அதன்மேல் ஒரு கொக்கி. ‘க்’ என்பதும் இரண்டு, ஏனென்றால் புள்ளியும் கணக்கில் சேரும். நாம் மூன்று எழுத்தாகப் பார்க்கும் ‘தமிழ்’ அங்கே ஐந்து.

Credit Ledger: Shop Accounts என்று ஓர் ஆப் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் 28 கேரக்டர். அகராதியைப் பார்த்து மாற்றினால் ‘கடன் பேரேடு: அங்காடிக் கணக்குகள்’ என்று வரும். அது 32, பெட்டிக்குள் அடங்காது. அடங்கினாலும் பயன் குறைவு. பேரேடு, அங்காடி இரண்டும் நல்ல சொற்கள்தான், ஆனால் கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் அவற்றைத் தட்டச்சு செய்து தேடமாட்டார். ‘கடன் நோட்டு: கடைக் கணக்கு’ என்று வைத்தால் 25 கேரக்டர் ஆகிறது. கடையில் புழங்கும் சொற்களே பெயராகவும் அமைகின்றன.

இந்தச் சொற்களை எங்கிருந்து எடுப்பது? பிளே ஸ்டோரின் தேடல் பெட்டியில் ‘கடன்’ என்று மட்டும் அடித்து நிறுத்தினால், கீழே வரிசையாகச் சில பரிந்துரைகள் வரும். மற்றவர்கள் எதைத் தேடுகிறார்கள் என்பதற்கு அது ஒரு தடயம். ஆப் ஏற்கெனவே வெளியாகியிருந்தால், எந்தத் தேடல் வழியாக ஆட்கள் வந்தார்கள் என்பதை பிளே கன்சோலின் அறிக்கையிலும் பார்க்கலாம். இவை இரண்டையும்விட நான் அதிகம் நம்புவது பயனர்களின் விமர்சனங்களைத்தான். ‘பாக்கி’, ‘பற்று’, ‘கைமாத்து’ என்று அவர்கள் தாங்களாகவே எழுதுகிறார்கள், யாரும் கேட்டு வாங்கிய சொற்கள் அல்ல.

சொல் கிடைத்தாலும் வாக்கியத்தில் அது உருமாறிவிடும். தேடுபவர் ‘கணக்கு’ என்று அடிக்கிறார். விளக்கத்திலோ ‘கணக்கை’, ‘கணக்கில்’, ‘கணக்குகளின்’ என்று வேற்றுமை ஏறிப்போயிருக்கிறது. வல்லினம் மிகும் இடத்தில் ‘கடை’ என்பது ‘கடைக்’ ஆகிவிடுகிறது. தமிழ்ச் சொல்லின் விகுதிகளைத் தன் தேடுபொறி எப்படிக் கழித்துப் பார்க்கிறது என்பதை கூகுள் வெளியிடுவதில்லை. அதனால் முக்கியமான சொல் ஒவ்வொன்றும் ஓரிடத்திலாவது உருமாறாமல் நிற்கும்படி எழுதுவதே பாதுகாப்பு. இதற்காக ஒற்றை விட்டுவிட்டுப் பிழையாக எழுத வேண்டியதில்லை, வாக்கியத்தைத் திருப்பிப் போட்டாலே போதும். ‘வாடிக்கையாளரின் பாக்கியைக் கண்காணியுங்கள்’ என்பதற்குப் பதிலாக ‘யாருக்கு எவ்வளவு பாக்கி என்று உடனே தெரியும்’ என்று எழுதினால் சொல்லும் முழுதாக நிற்கிறது, பேச்சும் இயல்பாக வருகிறது.

சுருக்க விளக்கத்தை இப்படி எழுதலாம்: ‘வாடிக்கையாளர் பற்று, வரவு, பாக்கி எழுதுங்கள். இன்டர்நெட் இல்லாமலும் இயங்கும்.’ மொத்தம் 77 கேரக்டர். ‘இணையம்’ எனக்கும் பிடித்த சொல்தான், ஆனால் கடையில் கேட்பது ‘நெட்’டும் ‘இன்டர்நெட்’டும். இந்த இரண்டாவது வாக்கியத்தை எழுதுவதற்கு முன் போனில் நெட்டை அணைத்துவிட்டு ஆப்பைத் திறந்து பார்க்க வேண்டும். பதிவு செய்வது நெட் இல்லாமல் நடந்து, பேக்கப்புக்கு மட்டும் நெட் தேவைப்பட்டால், முழு விளக்கத்தின் தொடக்கத்திலேயே அதைச் சொல்லிவிட வேண்டும். ஆப்பின் உள்ளே மெனு ஆங்கிலத்தில்தான் இருக்கிறது என்றால் அதையும் சொல்ல வேண்டும். தமிழ் விளக்கத்தை நம்பி இறக்கியவருக்கு உள்ளே ஆங்கிலம் வந்தால் அது ஏமாற்றுவதுதான்.

பலர் kadan, kadai kanakku என்று ஆங்கில எழுத்தில் தேடுகிறார்கள். அதற்காக விளக்கத்தின் அடியில் இருபது எழுத்துக்கூட்டல்களை அடுக்கி வைப்பவர்கள் உண்டு. இப்படிச் சொற்களைக் குவிப்பதை கூகுளின் விதி தடுக்கிறது. பெயரில்லாத பயனர்களின் பாராட்டுகளை விளக்கத்தில் போடவும் தடை இருக்கிறது. வேறு மொழியில் யாரோ எழுதிய பாராட்டைத் தமிழாக்கி ‘மதுரை வியாபாரி ஒருவர்’ என்று போடுவது விதிமீறலாக இருப்பதற்கு முன்பே பொய்.

விமர்சனங்களை மொழிபெயர்ப்பதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. நம் ஆப்புக்கு ஒருவர் இரண்டு ஸ்டார் கொடுத்து இப்படி எழுதுகிறார் என்று கொள்வோம்: varavu potta baaki koodudhu, kammiye aaga mattengudhu. சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக்கினால், கிரெடிட்டைப் பதிந்தால் பேலன்ஸ் கூடுகிறது, குறைய மாட்டேன் என்கிறது என்று ஆகும். ஆப்பை எழுதிய பொறியாளர் இதைப் படித்தால் பிழை எதையும் காணமாட்டார். அவருடைய ஆப்பில் கிரெடிட் என்றால் கடனுக்குச் சரக்கு கொடுத்தது. கடன் கொடுத்தால் நிலுவை கூடத்தானே வேண்டும்?

நடந்தது வேறு. Credit என்ற பொத்தானைத் தமிழாக்கியவர் கணக்குப் பதிவியல் பாடத்தின்படி ‘வரவு’ என்று போட்டுவிட்டார். கணக்கேட்டில் அது சரியான சொல். கடைக்காரருக்கோ வரவு என்றால் கைக்கு வந்த பணம். வாடிக்கையாளர் 500 ரூபாய் கொண்டுவந்து கொடுக்கிறார், கடைக்காரர் ‘வரவு’ பொத்தானை அழுத்தி 500 என்று போடுகிறார். ஆப் அதைப் புதுக் கடனாக எடுத்துக்கொள்கிறது. 1200 ஆக இருந்த பாக்கி 700 ஆகாமல் 1700 ஆகிறது. எனவே இந்த விமர்சனத்தை மொழிபெயர்ப்பவர் சொல்லை மட்டும் மாற்றினால் போதாது. ஆப்பைத் திறந்து, அவர் அழுத்திய அதே பொத்தானை அழுத்திப் பார்த்துவிட்டு, ‘வாடிக்கையாளர் கொடுத்த பணத்தை ‘வரவு’ என்ற பொத்தானில் பதிந்தேன், அவர் தர வேண்டிய தொகை குறையாமல் கூடிவிட்டது’ என்று பொறியாளருக்கு எழுத வேண்டும்.

ஆங்கில விமர்சனத்தைத் தமிழாக்கும்போதும் இதே கவனம் தேவை. Lost all my data after update என்று ஒருவர் கொதித்து எழுதியதை, ‘புதுப்பித்தலுக்குப் பின் தரவு இழப்பு ஏற்பட்டது’ என்று மாற்றினால் அவருடைய கோபம் காணாமல் போகிறது. ‘அப்டேட் செய்ததும் எல்லாக் கணக்கும் போய்விட்டது’ என்பதில் அது இருக்கிறது.

விமர்சனத்துக்கு ஆப் நிறுவனம் எழுதும் பதிலுக்கு 350 கேரக்டர் எல்லை. தமிழில் ஏறக்குறைய நாற்பது சொல்தான் வரும். நன்றி, வருத்தம், ஆதரவு என்று தொடங்கினால் இடம் அதிலேயே தீர்ந்துவிடும். நான் இப்படி எழுதுவேன்: ‘தவறு எங்களுடையது. ‘கடன்’ என்று இருக்க வேண்டிய பொத்தானில் ‘வரவு’ என்று போட்டுவிட்டோம். புது அப்டேட்டில் சரிசெய்திருக்கிறோம். முன்பு அப்படிப் பதிந்த தொகைகள் தானாக மாறாது, ஒவ்வொன்றையும் திறந்து திருத்த வேண்டும்.’ கடைசி வாக்கியத்தை விட்டுவிட ஆசை வரும். ஆனால் அது இல்லாவிட்டால் அவர் தவறான பாக்கியை வைத்து வாடிக்கையாளரிடம் பணம் கேட்பார்.

பொத்தானில் சொல் மாறினால் ஸ்டோர் விளக்கத்திலும், ஸ்கிரீன்ஷாட்டின் மேல் எழுதிய வரியிலும் மாற வேண்டும். பிறகு பிளே கன்சோலில் விமர்சனங்களை மொழிவாரியாகவும் ஆப்பின் பதிப்புவாரியாகவும் பிரித்துப் பார்க்கலாம். புதிய பதிப்பின் கீழ் வரும் தமிழ் விமர்சனங்களில் ‘பாக்கி கூடுது’ என்ற புகார் நின்றிருக்கிறதா என்று சில வாரங்களுக்குத் தேடிப் பார்க்க வேண்டும். baaki, bakki, paakki என்று எழுதியிருப்பார்கள் என்பதால் அத்தனை எழுத்துக்கூட்டல்களிலும் தேட வேண்டும்.