பேப்பர் போட்டாச்சு, தேதி ஒத்துவரவில்லை: முன்கூட்டியே விடுவிக்கக் கேட்பது எப்படி?

நம் ஊர் ஐ.டி. நிறுவனங்கள் பலவற்றில் நோட்டீஸ் பீரியட் 90 நாள். புதிதாக ஆள் எடுக்கும் கம்பெனிக்கோ அந்த ஆள் ஒன்றிரண்டு மாதத்துக்குள் வந்து சேர வேண்டும். நடுவில் மாட்டிக்கொள்பவர் வேலை மாறுகிறவர். புதிய இடத்தில் சொன்ன தேதியில் சேராவிட்டால் கையில் இருக்கும் ஆஃபர் போய்விடலாம். பழைய இடத்தில் சொல்லாமல் கிளம்பிவிட்டால் ரிலீவிங் லெட்டர் கிடைக்காது. அதனால் பழைய கம்பெனியிடம், "கொஞ்சம் முன்னாலேயே விட்டுவிடுங்கள்" என்று கேட்டாக வேண்டியிருக்கிறது.

அந்த வேண்டுகோள் பல நேரம் தோற்றுப்போவதற்குக் காரணம், கேட்பவர் தன் அவசரத்தை மட்டுமே சொல்வதுதான். தேதியை மாற்றும் அதிகாரம் உள்ள மேனேஜருக்கு இருக்கும் கவலை வேறு: இவர் போன பிறகு இந்த வேலையை யார் பார்ப்பது? அதற்குப் பதில் சொல்லும் கடிதத்துக்குத்தான் சம்மதம் கிடைக்கும்.

முதலில் நியமனக் கடிதம்

பேப்பர் போடுவதற்கு முன்பே, வேலையில் சேர்ந்தபோது வாங்கிய நியமனக் கடிதத்தை எடுத்து நோட்டீஸ் பற்றிய பத்தியைப் படியுங்கள். மூன்று விஷயங்களைத் தேட வேண்டும். ஒன்று, குறையும் நாட்களுக்குப் பணம் கட்டிவிட்டுப் போகலாமா? இதைத்தான் பை-அவுட் என்கிறார்கள். இரண்டு, அந்தப் பணம் அடிப்படைச் சம்பளத்தின் மீதா, மொத்தச் சம்பளத்தின் மீதா? மூன்று, அது உங்கள் உரிமையா, கம்பெனியின் விருப்பமா?

மூன்றாவதுதான் முக்கியம். "ஊழியர் நோட்டீஸ் தரலாம், அல்லது அதற்கு ஈடான சம்பளத்தைக் கட்டலாம்" என்று மட்டும் இருந்தால் உங்கள் கை ஓங்கியிருக்கிறது. "கம்பெனி தன் விருப்பப்படி ஏற்கலாம்" என்ற வரியும் சேர்ந்திருந்தால், பணத்தை நீட்டினாலும் அவர்கள் வேண்டாம் என்று சொல்ல முடியும். பெரிய நிறுவனங்களின் கடிதங்களில் இந்த இரண்டாவது வகை சகஜம்.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் பலர் கேட்கிறார்கள். ஒருவரை வலுக்கட்டாயமாக வேலை செய்ய வைக்கும்படி நீதிமன்றம் உத்தரவிடாது. 1963-ஆம் ஆண்டின் குறிப்பிட்ட நிவாரணச் சட்டம் அப்படிப்பட்ட ஒப்பந்தங்களை விலக்கி வைத்திருக்கிறது. ஆனால் ஒப்பந்தப்படி வர வேண்டிய பணத்தைக் கம்பெனி கேட்கலாம். "என்னைப் பிடித்து வைக்க முடியாது" என்பது உண்மைதான். அதை நம்பிக் கிளம்பியவர்களுக்குக் கஷ்டம் ரிலீவிங் லெட்டர் இல்லாத இடத்தில்தான் தொடங்குகிறது.

ஒரு கணக்கு

சென்னையில் ஒரு மென்பொருள் பொறியாளரை எடுத்துக்கொள்வோம். இது விளக்கத்துக்காக அமைத்த உதாரணம். ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்கான பிரீமியம் கணக்கு மென்பொருளைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. மொத்தச் சம்பளம் மாதம் 90,000 ரூபாய், அதில் அடிப்படைச் சம்பளம் 45,000. மார்ச் 3, திங்கட்கிழமை பேப்பர் போடுகிறார். அன்றைய நாளையும் சேர்த்து எண்ணினால் 90-ஆவது நாள் மே 31. புதிய கம்பெனி அவரை மே 5, திங்கட்கிழமை எதிர்பார்க்கிறது. எனவே அவருக்கு மே 2, வெள்ளிக்கிழமையோடு விடுதலை வேண்டும். அதுவரை 61 நாள் ஆகிவிடும். குறைவது 29 நாள்.

அடிப்படைச் சம்பளத்தில் பிடித்தால் நாளுக்கு 1,500 ரூபாய் வீதம் 43,500. மொத்தச் சம்பளத்தில் பிடித்தால் நாளுக்கு 3,000 வீதம் 87,000. ஒரே கடிதத்தில் ஒரு சொல் மாறினால் தொகை இரட்டிப்பாகிறது.

சேர்த்து வைத்த ஈட்டிய விடுப்பை நோட்டீஸில் கழித்துக்கொள்ளச் சில கம்பெனிகள் சம்மதிக்கும். அவரிடம் 11 நாள் இருந்து, அதை முழுதாகக் கழிக்க ஒப்புக்கொண்டால் குறைவு 18 நாளாகிவிடும். தொகையும் 27,000 அல்லது 54,000 என்று இறங்கும். சில இடங்களில் நோட்டீஸ் காலத்தில் விடுப்பே கிடையாது, எடுத்தால் கடைசி நாள் அத்தனை நாள் தள்ளிப்போகும் என்று விதி இருக்கும். ஆகவே இதை ஹெச்.ஆரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டபிறகுதான் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இந்தத் தொகையைப் புதிய கம்பெனி தருவதும் உண்டு. ஆஃபர் கடிதத்திலோ மெயிலிலோ அது எழுத்தில் இருக்க வேண்டும். பெரும்பாலும் முதலில் நீங்கள் கட்டிவிட்டு, பழைய கம்பெனியின் இறுதிக் கணக்குத் தாளைக் காட்டித்தான் வாங்க முடியும். அது சம்பளத்தோடு வந்தால் வரியும் பிடிப்பார்கள். ஒரு வருடத்துக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய கம்பெனி நோட்டீஸ் தொகையோடு ஜி.எஸ்.டி.யும் சேர்த்துக் கேட்டால், 2022 ஆகஸ்ட் 3 அன்று மத்திய மறைமுக வரிகள் வாரியம் வெளியிட்ட சுற்றறிக்கையைச் சுட்டிக்காட்டலாம். நோட்டீஸ் குறைவுக்காகப் பிடிக்கும் பணத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது என்று அதில் தெளிவாக்கியிருக்கிறார்கள்.

கேட்கும் விதம்

நம் பொறியாளர் தன் மேனேஜருக்கு இப்படி எழுதினால் என்ன ஆகும்? "மே 5 அன்று புதிய இடத்தில் சேர வேண்டியிருக்கிறது. தயவுசெய்து சீக்கிரம் விடுவிக்கவும்." மேனேஜர் பதில் எழுதவே யோசிப்பார். எந்தத் தேதி, வேலை யாரிடம் போகும், பணம் யார் கட்டுவார் என்று எதுவும் அதில் இல்லை. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று பொய்க் காரணம் சொல்வது அதைவிட மோசம். புதிய கம்பெனி ஆள் வைத்துப் பின்னணி விசாரிக்கும்போது இரண்டு கதையும் ஒன்றோடொன்று மோதும்.

அவர் செய்ய வேண்டியது, தனக்கு மட்டுமே தெரிந்த வேலைகளை முதலில் பட்டியல் போடுவது. ஒவ்வொரு மாதக் கடைசியிலும் ஓடும் பிரீமியம் கணக்கு வேலை, வியாழன்தோறும் வாடிக்கையாளரோடு பேசும் கூட்டம், ஏப்ரல் 19 சனிக்கிழமை வெளியாக வேண்டிய புதிய பதிப்பு என்று மூன்று இருக்கின்றன. முதலில் மேனேஜரிடம் நேரில் பேசிவிட்டு, அன்றே ஹெச்.ஆருக்கும் நகல் வைத்து எழுதுகிறார்:

"நான் மார்ச் 3 அன்று ராஜினாமா கொடுத்தேன். கடைசி நாள் மே 31 என்றிருப்பதை மே 2 என்று மாற்றித் தரும்படி கேட்கிறேன். மார்ச் 31 மாதக் கடைசி வேலையை நான் செய்யும்போது, என் இடத்துக்கு வருபவர் கூடவே இருந்து பார்ப்பார். ஏப்ரல் 30 வேலையை அவரே செய்வார், நான் பக்கத்தில் இருப்பேன். ஏப்ரல் 19 வெளியீட்டை முடித்துக்கொடுத்துவிட்டுத்தான் கிளம்புவேன். ஏப்ரல் இரண்டாம் வாரத்திலிருந்து வியாழன் கூட்டத்தை அவர் நடத்தட்டும். குறையும் 29 நாளில் என் ஈட்டிய விடுப்பைக் கழித்து, மீதிக்கு நியமனக் கடிதத்தின்படி உள்ள தொகையைக் கட்டுகிறேன். மார்ச் 14-க்குள் பதில் தெரிந்தால் உதவியாக இருக்கும்."

இந்தக் கடிதத்தின் பலம் ஏப்ரல் 30-இல் இருக்கிறது. புதியவர் தன் கையால் ஒரு மாதக் கடைசி வேலையை முடித்துவிட்டார் என்றால், அதற்குப் பிறகும் பழையவர் ஏன் ஒரு மாதம் இருக்க வேண்டும் என்று மேனேஜரே தன் மேலதிகாரியிடம் வாதாடலாம். அவருக்கு அந்த வாதத்தை எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். ஹெச்.ஆர். தனியாக இதை முடிவு செய்வது அரிது. வேலை நடக்கும் பிரிவு சரி என்றால் அவர்கள் தேதியை மாற்றுவார்கள்.

மாற்று ஆள் இன்னும் வரவில்லை என்றால் குழுவில் ஏற்கெனவே இருக்கும் ஒருவரின் பெயரைச் சொல்லுங்கள். அதற்கு முன் அவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும். அதே வாரத்தில் புதிய கம்பெனியிடமும், "முடியாவிட்டால் எத்தனை நாள் பொறுப்பீர்கள்?" என்று கேட்டு வைப்பது நல்லது. மே 19 வரை பொறுப்போம் என்று அங்கே சொன்னால், பழைய இடத்தில் மே 16 என்று இறங்கிவர உங்களுக்கு இடம் கிடைக்கும்.

சம்மதம் போலத் தோன்றும் பதில்கள்

மேனேஜர் காபி இடைவேளையில் "பார்த்துக்கலாம், போய்ட்டு வாங்க" என்று சொல்வது சம்மதம் ஆகாது. "மாற்று ஆள் கிடைத்ததும் விடுவிக்கிறோம்" என்று மெயில் வந்தாலும் அதில் தேதி இல்லை. தேதி உண்மையிலேயே மாறிவிட்டதா என்பதை இரண்டு இடத்தில் பார்க்கலாம்: ஹெச்.ஆர். அனுப்பும் மெயிலில் மே 2 என்று இருக்க வேண்டும். கம்பெனியின் ஊழியர் தளத்தில் கடைசி வேலை நாள் மே 31-லிருந்து மே 2 ஆக மாறியிருக்க வேண்டும். தளத்தில் பழைய தேதியே இருந்தால், மே 3-லிருந்து நீங்கள் சொல்லாமல் வராதவர் கணக்கில் போய்விடலாம்.

அதற்குப் பிறகு நடப்பது வருங்கால வைப்பு நிதிக் கணக்கில் தெரியும். பழைய கம்பெனி விலகிய நாளை மே 31 என்று பதிந்து, புதிய கம்பெனி சேர்ந்த நாளை மே 5 என்று பதிந்தால், ஒரே யு.ஏ.என். எண்ணில் இரண்டு வேலைகள் ஒன்றன்மேல் ஒன்று விழும். பின்னணி விசாரிப்பவர்கள் முதலில் பார்க்கும் இடங்களில் அதுவும் ஒன்று. இரண்டு இடத்தில் ஒரே நேரத்தில் வேலை பார்த்தீர்களா என்ற கேள்விக்கு, அந்த மெயிலைத் தவிர வேறு சாட்சி உங்களிடம் இருக்காது. வேலையை விட்டபிறகு அலுவலக மெயிலைத் திறக்க முடியாது என்பதால், ராஜினாமா ஏற்புக்கும் தேதி மாற்றத்துக்கும் உங்கள் சொந்த மெயில் முகவரிக்கு நகல் வைக்கும்படி ஹெச்.ஆரிடமே கேளுங்கள்.

மறுத்துவிட்டால்? காரணத்தை எழுத்தில் கேளுங்கள். தடையாக இருப்பது ஏப்ரல் 19 வெளியீடு என்றால் தேதியைச் சற்றுத் தள்ளிப் பேசலாம். ஆள் இல்லை என்றால், இரண்டு வாரம் கழித்து நிலைமை மாறியிருக்கும், திரும்பக் கேட்கலாம். எதற்கும் அசையவில்லை என்றால் புதிய கம்பெனியிடம் உள்ளதை உள்ளபடி சொல்லி அவகாசம் வாங்குவதே வழி. 90 நாள் நோட்டீஸ் அவர்களுக்கும் பழகிய சங்கதி. அவர்களின் ஊழியர்களும் அதே நோட்டீஸில்தான் இருப்பார்கள்.

வேலை தேடும்போதே இதைத் தவிர்க்க ஒரு வழி உண்டு. நேர்முகத்தில் "எப்போது சேர முடியும்?" என்று கேட்டால், நியமனக் கடிதத்தில் உள்ள முழு நாளையும் சொல்லுங்கள், குறைத்துக் கேட்டுப் பார்க்கிறேன் என்பதைத் தனியாகச் சொல்லுங்கள். பழைய கம்பெனி எழுத்தில் தேதி தரும்வரை புதிய இடத்தில் எந்தத் தேதியையும் உறுதி செய்யாதீர்கள்.