இரண்டு நாணயம், நாலு ரத்த வகை

அப்பாவுக்கு ஏ வகை ரத்தம், அம்மாவுக்கு பி. பிள்ளைக்கு ஓ என்று ரிப்போர்ட் வந்தால் வீட்டில் முணுமுணுப்பு கிளம்பிவிடும். இரண்டு ஒரு ரூபாய் நாணயங்கள் போதும், சந்தேகம் தீர.

அப்பாவின் நாணயத்தில் ஒரு பக்கம் ஏ, மறுபக்கம் ஓ என்று எழுதி ஒட்டுங்கள். அம்மாவுடையதில் பி, ஓ. ஏ அல்லது பி கூட இருந்தால் ஓ வெளியே தெரியாது. பெற்றோரிடம் அது மறைந்திருந்தது இப்படித்தான். இப்போது இரண்டையும் சுண்டுங்கள். ஏபி, ஏ, பி, ஓ என நாலுக்கும் சம வாய்ப்பு.

முதல் பிள்ளைக்கு ஓ வந்துவிட்டதே, அடுத்ததற்கு வராது என்று கணக்குப் போடாதீர்கள். நாணயத்துக்கு ஞாபகம் கிடையாது. ஒவ்வொரு முறையும் அதே கால்வாசி வாய்ப்புதான்.

ஓ பிள்ளையின் நாணயத்தில் இரு பக்கமும் ஓ. அவர் ஏபி வகைக்காரரை மணந்தால் பிறப்பவர்கள் ஏ அல்லது பி. ஓ மறைந்துபோன மாதிரி இருக்கும். ஆனால் அவர்கள் ஒவ்வொருவரின் நாணயத்திலும் மறுபக்கம் ஓதான். கொள்ளுப்பேரனிடம் அது தலைகாட்டலாம்.

மும்பையில் 1952-இல் கண்டறியப்பட்ட ‘பாம்பே’ வகை மட்டும் இந்தக் கணக்கில் அடங்காது. ஏ, பி மரபணு இருந்தாலும் வழக்கமான சோதனையில் அது ஓ போலவே தெரியும்.