எனக்கும் நடந்தது #MeToo

2017 அக்டோபர் 15 அன்று நடிகை அலிஸா மிலானோ ட்விட்டரில் ஒரு வேண்டுகோள் வைத்தார். பாலியல் தொல்லைக்கு ஆளான பெண்கள் இரண்டே சொற்களைப் பதிலாக எழுத வேண்டும். செயற்பாட்டாளர் தரானா பர்க் 2006 முதலே பயன்படுத்திவந்த சொற்கள் அவை. சில நாட்களில் #MeToo உலகைச் சுற்றிவிட்டது.

அதே நாட்களில் பிரெஞ்சில் பரவியது #BalanceTonPorc. ‘உன் பன்றியைக் காட்டிக்கொடு’ என்று பொருள். ஆங்கிலத்தில் பெண் தன்னைப் பற்றிச் சொல்கிறாள். பிரெஞ்சில் அவனைச் சுட்டுகிறாள். சீனாவில் தணிக்கையிலிருந்து தப்ப, ‘மீ டூ’ என்றே ஒலிக்கும் ‘அரிசி முயல்’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டார்கள்.

தமிழில்? ‘நானும்’ என்று எழுதத் தோன்றும். ஆனால் நானும் வருகிறேன், நானும் செய்தேன் என்று செயலைச் செய்கிறவர் பேசும் சொல் அது. துன்பம் நேர்ந்தவர் சொல்வது ‘எனக்கும்’.

பொருள் கிடைத்துவிட்டது என்பதற்காக ஹேஷ்டேகை மாற்றிவிடக் கூடாது. அதைத் தொட்டால் அதே குறியிட்ட பதிவுகள் அனைத்தும் ஓரிடத்தில் திரளும். #எனக்கும் என்று எழுதினால் அந்தப் பெண்ணின் குரல் அந்தத் திரளிலிருந்து பிரிந்துவிடும். ஆகவே குறி அப்படியே நிற்கட்டும். பொருள் வாக்கியத்துக்குள் வரட்டும்.

ஓர் ஆங்கிலப் பதிவு இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்: ‘I told HR. he’s still my boss. smh #MeToo’. இதில் smh என்பது தலையை இடவலமாக அசைக்கும் சலிப்பின் சுருக்கம். விரித்து ‘தலையாட்டுகிறேன்’ என்று எழுதினால், தமிழ் வாசகர் அதைச் சம்மதம் என்றே எடுத்துக்கொள்வார். ‘என்னத்தைச் சொல்ல’ என்பதே அதற்கு நேர்.

அடுத்தது he. அவனா, அவரா? ஆங்கிலம் இந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. தமிழில் தப்பிக்க முடியாது. இழையின் மற்றப் பதிவுகளைப் படித்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். ஆத்திரத்தோடு எழுதியிருந்தால் அவன். வேலை போய்விடுமோ என்ற அச்சத்தில் அளந்து எழுதியிருந்தால் அவர்.

இடமும் பார்க்க வேண்டும். சாதாரணக் கணக்குக்கு 280 எழுத்துகள்தான்; அதிலும் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படும். ‘மேலாளர்’ நமக்கு நான்கு எழுத்து, தளத்துக்கு ஏழு. அளவு மீறி ஒரு பதிவை இரண்டாக்க நேர்ந்தால் வாக்கியம் முடியும் இடத்தில் வெட்ட வேண்டும். இழையின் ஒரு பதிவை மட்டும் எடுத்துப் பகிர்பவர்கள் உண்டு. அங்கே ‘அவர்’ யார் என்று தெரியாமல் போகும்.

இத்தனையும் பார்த்தபின் அந்தப் பதிவு தமிழில் இப்படி வரும்: ‘எனக்கும் நடந்தது. எச்ஆரிடம் சொன்னேன். இன்னும் அவர்தான் என் மேலாளர். என்னத்தைச் சொல்ல. #MeToo’. மூலத்தில் இல்லாத ஒரு வாக்கியம் இதில் கூடியிருக்கிறது. குறியின் பொருள் தெரியாத வாசகருக்கு அந்த வாக்கியம் தேவை.